கரும்புகை இல்லை... ஆனால் சுத்தமா? சிஎன்ஜி ஆட்டோ, பஸ்களின் புகைக் கணக்கு

சிக்னலில் நிற்கும்போது முன்னால் ஒரு பழைய டீசல் பஸ். பச்சை விழுந்ததும் ‘குப்’பென்று கரும்புகை. அதே இடத்தில் ஒரு சிஎன்ஜி பஸ் நின்றிருந்தால் எதுவுமே கண்ணில் பட்டிருக்காது. ‘சிஎன்ஜி என்றால் சுத்தம்’ என்ற எண்ணம் பிறந்தது இங்கேதான். அது பொய் இல்லை, ஆனால் பாதி உண்மைதான். சைலன்சரில் இருந்து வெளியே வருவதில் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்களும் உண்டு. அவற்றைத் தீர்மானிப்பது எரிபொருளை விட இன்ஜின்தான். நம் புகைப் பரிசோதனையோ அவற்றைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

கரும்புகை ஏன் வருவதில்லை?

சிஎன்ஜி என்பது பெரும்பாலும் மீத்தேன். சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்து வைக்கப்படும் வாயு. மீத்தேன் மூலக்கூறில் இருப்பது ஒரே ஒரு கார்பன், அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். டீசல் மூலக்கூறிலோ பத்துப் பதினைந்து கார்பன்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். டீசல் துளித்துளியாகப் பீய்ச்சப்பட்டு எரியும்போது, ஆக்சிஜன் எட்டாத இடங்களில் அந்தக் கார்பன்கள் ஒட்டிக்கொண்டு கரித்துகளாக மாறும். நாம் பார்க்கும் கரும்புகை அதுதான். மீத்தேனில் ஒட்டிக்கொள்ளச் சங்கிலியே இல்லை. தவிர, அது காற்றோடு முன்பே நன்றாகக் கலந்துதான் எரிகிறது. அதனால் கரி மிகக் குறைவு.

பெட்ரோலோடு ஒப்பிட்டாலும் சிஎன்ஜிக்கு லாபம் உண்டு. கார்பன் மோனாக்சைடு குறையும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் போன்ற நச்சுகள் இதில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இரண்டுமே ஸ்பார்க் பிளக் வைத்து எரிக்கும் இன்ஜின்கள்தான் என்பதால், டீசல் பஸ்ஸை மாற்றும்போது தெரிகிற அளவு பெரிய வித்தியாசம் இங்கே தெரியாது.

டெல்லி எடுத்த பெரிய முடிவு

இந்தியாவில் இதற்கான பெரிய பரிசோதனைக் களம் டெல்லி. எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜிக்கு மாற வேண்டும். 1990-க்கு முந்தைய ஆட்டோ, டாக்ஸிகளுக்குப் பதிலாகச் சுத்தமான எரிபொருளில் ஓடும் புது வண்டிகள் வர வேண்டும். காலக்கெடு தள்ளிப்போனது, பங்க்குகளில் மணிக்கணக்கில் வரிசை நின்றது, பஸ் தட்டுப்பாடு வந்தது. ஆனாலும் 2002 டிசம்பரில் டெல்லியின் நகரப் பேருந்துகள் டீசலுக்கு விடை கொடுத்தன.

அன்றைய நிலையில் அது சரியான முடிவு. ஏனென்றால் 1990-களின் இறுதியில் டீசலில் ஒரு கிலோவுக்கு 2.5 கிராம் வரை கந்தகம் இருக்கலாம். அவ்வளவு கந்தகம் இருந்தால் புகையை வடிகட்டும் கருவி எதையும் பொருத்த முடியாது, சீக்கிரமே கெட்டுவிடும். டீசலைச் சுத்தமாக்கும் வரை காத்திருப்பதை விட எரிபொருளையே மாற்றுவது விரைவான வழியாக இருந்தது.

ஆட்டோவில் வந்த நீலப்புகை

பஸ்ஸில் பலன் தெரிந்தது. ஆட்டோவில்தான் சிக்கல். அன்றைய ஆட்டோக்களில் பல டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில், எரிந்த புகை வெளியேறும் வழியும் புது எரிபொருள் உள்ளே வரும் வழியும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் எரியாத எரிபொருளில் ஒரு பகுதி நேராக சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். பெட்ரோலில் ஓடினால் பெட்ரோல் ஆவி, சிஎன்ஜியில் ஓடினால் மீத்தேன். இன்னொன்று, இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் சுற்றோட்டம் கிடையாது. இன்ஜினுக்குள் போகும் ஆயிலும் சேர்ந்தே எரியும். அதில் வருவதுதான் நீலப்புகை. எரிபொருளை மாற்றினாலும் ஆயில் எரிவது நிற்காது.

டெல்லி ஆட்டோக்களை வைத்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. டூ-ஸ்ட்ரோக் சிஎன்ஜி ஆட்டோக்களில் எரிவாயுவில் மூன்றில் ஒரு பங்கு வரை சரியாக எரியாமலே வெளியேறியது. எரியாத ஆயிலால் நுண்துகளும் கணிசமாக வந்தது. அவர்கள் சொன்ன தீர்வு எளிது: எரிபொருளை விட முதலில் இன்ஜினை ஃபோர்-ஸ்ட்ரோக்காக மாற்றுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வுகள் வழியை அடைத்துவிடும், ஆயிலும் தனியாக இருக்கும். ஆக, ஒரே சிஎன்ஜி இரண்டு வகை ஆட்டோக்களில் இரண்டு வகைப் புகையைத் தந்தது.

கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு

இன்ஜினுக்குள் வெப்பம் ஏற ஏற, காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும. இது எரிபொருளில் இருந்து வருவதே இல்லை, காற்றில் இருந்து வருகிறது. அதனால் எவ்வளவு சுத்தமான எரிபொருள் போட்டாலும் இது உருவாகும். நுரையீரலை எரிச்சலூட்டும். வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகவும், நுண்துகளாகவும் மாறும்.

இதை அடக்குவது சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். ஆனால் அது ரொம்பக் கறாரான கருவி. காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். மைலேஜ் கூடட்டும் என்று கேஸைக் குறைத்து, காற்றைக் கூட்டி ட்யூன் செய்தால், புகையில் ஆக்சிஜன் மிஞ்சும். நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே தப்பித்துப் போகும். ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும் தொல்லைதான். எரியாத வாயு கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே சூட்டில் கெடுத்துவிடும். நாள் முழுக்க ஓடும் ஆட்டோ, டாக்ஸியில் கன்வெர்ட்டர் தனியார் காரை விடச் சீக்கிரம் தேயும். வண்டி வழக்கம்போல ஓடும் என்பதால் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

சாலையில் உண்மையில் என்ன நடக்கிறது? சர்வதேச தூய போக்குவரத்துக் கவுன்சில் 2024-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதிலைத் தந்தது. டெல்லியிலும் குருகிராமிலும் சாலையோரம் ஒளிக்கற்றை பாய்ச்சி, அதைக் கடந்துபோன வண்டிகளின் புகையை ஒரு லட்சத்துக்கும் அதிகமான முறை அளந்தார்கள். சிறிய சரக்கு வண்டிகளில் ஒரு பிரிவில், சிஎன்ஜி வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடு ஆய்வக வரம்பைப் போல 14 மடங்கு வரை இருந்தது. அதே ஆய்வில், பிஎஸ்-4 பஸ்களை விட பிஎஸ்-6 பஸ்கள் பெரிய அளவில் முன்னேறியிருந்ததும் தெரிந்தது. எரிபொருளை மட்டும் பார்த்துச் சான்று கொடுக்கக் கூடாது என்பதற்கு இரண்டுமே சாட்சி.

புவி வெப்பமாதல்: ஒரு பஸ், ஒரு நாள் கணக்கு

‘சிஎன்ஜியில் கார்பன் டை ஆக்சைடு குறைவு’ என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நகருக்குள் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடும் டீசல் பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 134 கிலோ. இதே தூரத்துக்கு சிஎன்ஜி பஸ் 45 கிலோ வாயு குடிக்கிறது என்று கொள்வோம். ஸ்பார்க் இன்ஜினின் திறன் டீசல் இன்ஜினை விடக் குறைவு என்பதும் இந்த எண்ணில் அடங்கும். கிலோவுக்கு 2.75 கிலோ என்றால் 124 கிலோ. மிச்சம் 10 கிலோ.

இப்போது அந்த 45 கிலோவில் வெறும் 1 சதவீதம், அதாவது 450 கிராம் மீத்தேன் எரியாமல் கசிந்தால்? நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 28 மடங்கு. 450 கிராம் என்பது 12 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். மிச்சம் பிடித்த 10 கிலோவும் காலி. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் 80 மடங்குக்கும் மேல், இன்னும் மோசம். குழாய், பங்க்கு, இன்ஜின் என எங்கே கசிந்தாலும் கணக்கு இதேதான்.

பியூசி சான்றிதழ் எதைப் பார்க்கிறது?

இவ்வளவும் புகைப் பரிசோதனையில் மாட்டாதா என்று கேட்கலாம். மாட்டாது. பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்கு பியூசி மையத்தில், வண்டி நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசலுக்குப் புகையின் கருமை. நைட்ரஜன் ஆக்சைடு இந்தப் பட்டியலிலேயே இல்லை. அளந்தாலும் பெரிதாகப் பயனில்லை. பாரம் இழுத்து இன்ஜின் சூடாகும்போதுதான் அது அதிகம் வரும், நின்ற வண்டியில் வராது.

மீத்தேன் விஷயம் இன்னும் சுவாரசியம். சிஎன்ஜி வண்டியில் அளந்த ஹைட்ரோகார்பனை 0.3-ஆல் பெருக்கி, அதைத்தான் வரம்போடு ஒப்பிடுகிறார்கள். மீதி 70 சதவீதம் மீத்தேன், அது நேரடியாக நச்சு இல்லை என்பது காரணம். உள்ளூர்க் காற்றைப் பொறுத்தவரை அது நியாயம். ஆனால் மேலே போட்ட பஸ் கணக்கு அந்த 70 சதவீதத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அப்போ என்ன செய்யலாம்?

பழைய டீசல் பஸ்ஸையும், டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் ஆட்டோவையும் ஒதுக்கிவிட்டு நல்ல ஃபோர்-ஸ்ட்ரோக் சிஎன்ஜி வண்டி வந்தால் தெருவில் நிற்பவருக்கு லாபம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வந்துவிட்டது. டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் மட்டுமே. கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடை யூரியா கரைசலால் அடக்கும் கருவியும் வந்துவிட்டன. 1998-ல் சிஎன்ஜிக்கு இருந்த பெரிய முன்னிலை, புது டீசல் பஸ்ஸுக்கு எதிரே இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சில டீசல் பஸ்களை சிஎன்ஜிக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கின்றன. எரிபொருள் செலவு குறைகிறதா என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். மாற்றிய இன்ஜினில் கன்வெர்ட்டர் உண்டா, அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவார்கள்? பாரத்தோடு சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு, அதை யார் அளந்தார்கள்? பஸ் பின்னால் கரும்புகை வரவில்லை என்பது இந்த இரண்டுக்கும் பதில் ஆகாது.