உண்மைக்கு வழக்கு இல்லையா?

"நடந்ததைத்தானே எழுதினேன். உண்மைக்கு என்ன வழக்கு?" ஒரு விடுதியையோ கடையையோ பற்றி இணையத்தில் விமர்சனம் எழுதிவிட்டு, சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்தில் முதலில் சொல்வது இதுதான். இது பிழையான நம்பிக்கை. மாட்டிவிடுவதும் இதுதான்.

எங்கள் காணிக்கும் சீதனத்துக்கும் தேசவழமை இருக்கலாம். மானநட்டத்துக்கு ரோமன்-டச்சுச் சட்டம். தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அவதூறுக் குற்றம் 2002இல் நீக்கப்பட்டது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் வழி அப்படியே இருக்கிறது. அங்கே எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. அதை வெளியிட்டதில் பொது நன்மை இருந்தது என்பதையும் எழுதியவரே நிறுவவேண்டும்.

உண்மை ஒன்றே போதும் என்ற சட்டமுள்ள இங்கிலாந்திலேயே நடந்ததைப் பாருங்கள். சட்ட ஆலோசனைக்கு 200 பவுண் கட்டிய ஒருவர், சமர்ஃபீல்ட் பிரவுண் என்ற சட்ட நிறுவனத்தை இணைய விமர்சனத்தில் மோசடி என்று எழுதினார். அது உண்மை என்று வாதிட்டார். ஏன் மோசடி என்பதை முழுமையாக விளக்கவில்லை, விசாரணைக்கும் வரவில்லை. 2021இல் 25,000 பவுண் நட்டஈடு கட்டும்படி தீர்ப்பாயிற்று.

இங்கே ஒரு கல்யாண மண்டபத்தை எண்ணிக்கொள்ளுங்கள். "முற்பணம் 50,000 ரூபாய் வாங்கினார்கள். நாள் மாறியதும் திருப்பித் தராமல் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். கள்ளக் கூட்டம்." முதல் இரண்டு வசனங்களுக்குப் பற்றுச்சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும் சாட்சி. அடுத்ததாக முற்பணம் கட்டப்போகிறவர் அறியவேண்டிய விசயம் என்பதால் பொது நன்மையும் உண்டு. மூன்றாவது வசனத்துக்கு எதைக் காட்டுவீர்கள்? இழுத்தடிப்பு களவு ஆகாது. உண்மையான இரண்டு வசனங்களையும் அந்த ஒரு வசைச்சொல் வழக்குக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

ஆகவே கடிதம் வந்ததும் பயத்தில் முழுவதையும் அழிப்பதும் தவறு, வீம்புக்கு எல்லாவற்றையும் வைத்திருப்பதும் தவறு. முதலில் பதிவை நாளும் நேரமும் தெரியப் படமெடுத்து வையுங்கள். நிரூபிக்க முடியாத வசனத்தை நீக்குங்கள். மற்றவற்றுக்கு ஆதாரம் உண்டு என்று சட்டத்தரணி மூலம், உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி, பதில் அனுப்புங்கள். எந்த வரி பொய் என்று குறிப்பிடாமல் "எல்லாவற்றையும் அகற்று" என்று கேட்கும் கடிதத்தை நான் மிரட்டலாகவே பார்க்கிறேன். அதற்குப் பணிய வேண்டியதில்லை.

மண்டபத்துக்குப் போகாமலே, கோபத்திலோ போட்டியிலோ எழுதியவரின் கதை வேறு. அவருக்கு உண்மை என்ற வாதமே கிடையாது. அன்றே நீக்கி, எழுதிய இடத்திலேயே திருத்தமும் போடவேண்டும். அதனால் வழக்கு மறைந்துவிடாது, நட்டஈட்டின் தொகை குறையலாம். மண்டபக்காரரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். வழக்குப் போட அவருக்கு இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது.