இறந்தவரின் கேஸ் ஷீட்டைப் படிக்கும் விதம்

எங்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் மாதம் ஒருமுறை மார்ட்டாலிட்டி மீட்டிங் நடக்கும். அந்த மாதம் இறந்தவர்களின் கேஸ் ஷீட்டை எடுத்து, என்ன நடந்தது என்று பேசுவோம். பேசுவதை முதுகலை மாணவர் தயாரிப்பார். நான் பல வருடம் அதைத் திருத்திக் கொடுத்தவன்.

ஒரு கேஸ் சொல்கிறேன். கர்ப்பப்பை அகற்றிய ஒரு அம்மாள், வயிற்றுக்குள் ரத்தக் கசிவால் மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனார். மாணவர் கொண்டுவந்த முதல் ஸ்லைடிலேயே “டியூட்டி டாக்டர் தாமதமாக வந்தார்” என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அங்கே நின்றுவிட்டால் அந்தப் பையன் தலையில் குட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும்.

பெயர்களை எடுத்துவிட்டு, நேரத்தை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னேன். மாலை 6 மணிக்கு நாடித்துடிப்பு 88, 8 மணிக்கு 104, 10 மணிக்கு 124. ரத்த அழுத்தம் 8 மணி வரை நன்றாகவே இருந்தது. உடல் தாக்குப்பிடிக்கிற வரை அது இறங்காது, நாடிதான் முதலில் ஏறும். டாக்டர் வந்தது 11.10. ரத்தம் கேட்டது 11.20, வார்டுக்கு வந்தது 1.30.

இப்போது ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணம் தேடினோம். நாடி ஒரு தாளில், அழுத்தம் வேறொரு தாளில், சிறுநீர் அளவு மூன்றாவதில். நாற்பது படுக்கைக்கு இரவில் ஒரே நர்ஸ். எத்தனைக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடுவது என்று எங்கும் எழுதவில்லை. கூப்பிட்டபோது டாக்டர் தியேட்டரில் கையுறையோடு நின்றார். அவருக்கு அடுத்து யாரைக் கூப்பிடுவது என்றும் இல்லை. ரத்த மாதிரியை எடுத்துப்போக வேண்டிய அட்டெண்டர், வேறொரு நோயாளியுடன் எக்ஸ்ரேக்குப் போயிருந்தார்.

கேஸ் ஷீட்டை அப்படியே நம்பவும் கூடாது. எழுதாததெல்லாம் செய்யாதது ஆகாது. பிறகு உட்கார்ந்து எழுதிய குறிப்பும் கலந்திருக்கும். ரத்த வங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது இரண்டு கடிகாரத்துக்கும் கால் மணி வித்தியாசம். அதனால் வார்டு நர்ஸிடமும் நேரில் கேட்கச் சொன்னேன். “ஏன் செய்யலை?” என்று கேட்காதே, “அப்போ உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது, சிஸ்டர்?” என்று கேள் என்றேன். முடிவு தெரிந்த பிறகு படிக்கிற நமக்கு அந்த 124 பளிச்சென்று தெரியும். அவருக்கு அது நாற்பதில் ஒன்று.

குடித்துவிட்டு டியூட்டிக்கு வருபவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது நிர்வாக விசாரணை. இந்தக் கூட்டத்தில் அதைக் கலக்கக் கூடாது.

கடைசி ஸ்லைடில் “இனி கவனமாக இருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். அதையும் அடித்தேன். மூன்று தாளையும் ஒன்றாக்கி, நாடி 110 தாண்டினால் அழைக்க வேண்டும் என்று அதிலேயே அச்சிடுவது, தியேட்டரில் டாக்டர் இருந்தால் இரண்டாவதாக யார் என்று பலகையில் எழுதுவது என்று மாற்றினோம்.

அடுத்த மாதம் பத்து கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். நான்கில் பழைய தாள்களே இருந்தன. புதியது தீர்ந்துபோயிருந்தது, இன்டென்ட் போட யாரையும் சொல்லவில்லை.