'பயோடிகிரேடபிள்', 'கம்போஸ்டபிள்'... இரண்டும் ஒன்றா? பையை வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

ஒரு கடையில் தரும் பையில் 'பயோடிகிரேடபிள்' என்று அச்சாகியிருக்கும். பக்கத்துக் கடைப் பையில் 'கம்போஸ்டபிள்' என்று இருக்கும். ரெண்டுமே மக்கிப்போற பைதானே என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். உண்மையில் இரண்டும் வேறு வேறு.

என்ன வித்தியாசம்?

பயோடிகிரேடபிள் என்றால் நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது என்று மட்டுமே அர்த்தம். எங்கே, எத்தனை நாளில் என்பதை அந்தச் சொல் தனியாகச் சொல்லாது.

கம்போஸ்டபிள் என்பதற்கு சோதனை உண்டு. ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்தின்படி, உரக்கூடத்தின் சூட்டில் 12 வாரத்துக்குள் பை சிறு துகள்களாக உதிர வேண்டும். சுமார் 58 டிகிரி செல்சியஸில், 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும்.

மண்ணில் புதைத்தால் என்ன ஆகும்?

பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டனர். 'பயோடிகிரேடபிள்' பை 3 ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தாங்கியது. கம்போஸ்டபிள் பை கடலில் 3 மாதத்துக்குள் காணாமல் போனது. ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் அது இருந்தது, எடையைத்தான் தாங்கவில்லை. திறந்தவெளியில் வைத்த எல்லாப் பைகளும் 9 மாதத்தில் துண்டுகளாகின. துண்டாவது வேறு, மக்குவது வேறு.

அப்போ வீட்டு உரத்தொட்டியில் போடலாமா?

கம்போஸ்டபிள் என்று எழுதியிருந்தாலும் யோசிக்கணும். 58 டிகிரி சூடு வாரக்கணக்கில் நிலைக்க பெரிய உரக்குவியல் தேவை. மாடியில் வைக்கும் சின்னத் தொட்டி அந்தச் சூட்டைத் தாக்குப்பிடிக்காது. காய்கறித் தோல் உரமாகிவிடும், பை அப்படியே கிடக்கும்.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

இந்தியாவில் இந்தப் பைகளை விற்பதற்கு முன் தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும். கம்போஸ்டபிள் பையில் தயாரிப்பாளர் பெயரோடு சான்றிதழ் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். 2024-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கம்போஸ்டபிள் பொருளில் 'தொழில்முறை உரக்கூடத்தில் மட்டுமே உரமாகும்' என்ற வாசகம் இருக்க வேண்டும். பயோடிகிரேடபிள் பொருளில் எத்தனை நாளில், மண்ணிலா தண்ணீரிலா என்பதைக் குறிப்பிட வேண்டும். வெறும் பச்சை இலைப் படமும் 'இயற்கைக்கு உகந்தது' என்ற வரியும் மட்டும் இருந்தால், அது எதற்கும் ஆதாரமில்லை.

பயன்படுத்திய பிறகு எங்கே போடுவது?

கம்போஸ்டபிள் பையை மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்கோடு சேர்த்தால், அந்தப் பிளாஸ்டிக்கின் தரமும் கெடும். உங்கள் ஊர் உரக்கூடத்தில் இந்தப் பைகளை எடுத்துக்கொள்வார்களா என்று தூய்மைப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். எடுக்க மாட்டார்கள் என்றால், அதுவும் கடைசியில் குப்பைக்கிடங்குக்குத்தான் போகும். அங்கே அதற்கும் சாதாரண பைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த ஊரில் குப்பையைக் குறைப்பது, கையோடு கொண்டுபோகும் துணிப்பைதான்.