குறுக்கே ஓடியவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்களும் பிள்ளைகளுக்காகக் காணொளி செய்கிறவர்களும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். நாங்கள் விட்ட பிழையை நீங்களும் விட வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து போன பிறகு, மண்சரிவின் முன்னடையாளங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து 70 செக்கன் அனிமேஷன் ஒன்று செய்தோம். வகுப்பறைச் சுவரில் புரொஜெக்டரில் காட்டத்தான் செய்தோம். அதனால் அகலப் படம், 1920க்கு 1080. இடது பக்கம் மலைச்சரிவு, அதில் ஒரு வெடிப்பு. நடுவில் லயம். வலது பக்கம் மேட்டில் பாடசாலை. மக்கள் சரிவின் பாதையை விட்டு, குறுக்கே வலது பக்கமாக மேட்டுக்குப் போகிறார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கியது.

பெற்றோர் கேட்டார்கள் என்று அதையே போனில் போட்டோம். ரீல்ஸுக்கு ஏற்றபடி செயலியே நெடுக்காக வெட்டித் தந்தது, நாங்களும் அப்படியே ஏற்றிவிட்டோம். நிறையப் பேர் பார்த்தார்கள், எங்களுக்கும் சந்தோஷம். இரண்டு நாள் கழித்து ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து கேட்டது: "சேர், அதுல எல்லாரும் லயத்துப் பக்கம்தானே ஓடுறாங்க? அப்போ வீட்டுக்குள்ள போறதா நல்லது?"

போனை எடுத்துப் பார்த்தோம். பிள்ளை சொன்னது சரிதான். வெட்டிய படத்தில் அப்படித்தான் தெரிந்தது.

ஏன் அப்படி ஆனது? 1080 புள்ளி உயரமுள்ள அகலப் படத்திலிருந்து 9க்கு 16 அளவில் நெடுக்காக வெட்டினால், மிஞ்சுவது ஏறத்தாழ 608 புள்ளி அகலம். 1920இல் 608, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தை எறிய வேண்டியதுதான். எதை எறிவது என்று செயலி தீர்மானிக்கும்போது, அசைகிற மனிதரை நடுவில் வைத்து அவர் பின்னாலேயே போகும். இரண்டு கெடுதியும் அங்கேதான் நடந்தன. முதலாவது, வெடிப்பு அசையாத கோடு. அதனால் அது வெளியே போய்விட்டது. ஏன் ஓடுகிறார்கள் என்ற காரணம் படத்தில் இல்லை. இரண்டாவது, ஓடுகிறவர் எப்போதும் நடுவிலேயே நின்றால் அவர் ஓடுகிற திசை கண்ணுக்குத் தெரியாது. பின்னால் லயத்தின் கதவுகள் கடந்து போவது மட்டும் தெரியும். பார்க்கிறவர் அவர் லயத்துக்குப் போகிறார் என்றே எடுத்துக்கொள்வார்.

வேறொரு படமாக இருந்தால் இது சின்ன விஷயம். மண்சரிவில் திசைதான் பாடமே. சரிந்து வருகிற மண்ணுக்கு முன்னால் கீழ்நோக்கி ஓடக்கூடாது, அதன் பாதையை விட்டுக் குறுக்கே விலக வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. திசை மாறிப் புரியும்படி ஒரு படத்தை நாமே பரப்பினோம் என்றால், அதை "எடிட்டிங் பிழை" என்று சொல்லித் தப்ப முடியாது. அன்றே அதை நீக்கினோம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, 'த சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் பழைய பாகங்களை அகலத் திரைக்கு ஏற்றபடி மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். அதில் ஒரு காட்சி பியர் ஆலையில். (நமக்கு அதில் வேலையில்லை, வெட்டை மட்டும் பாருங்கள்.) வேறு வேறு பெயர் எழுதிய மூன்று தொட்டிகள், மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்து வருகிறது. அதுதான் பகிடி. வெட்டியபோது அந்தக் குழாய் போய்விட்டது, வெறும் மூன்று தொட்டிகள் நின்றன. பார்வையாளர்கள் சத்தம் போட்ட பிறகு 2020 மே மாதத்தில்தான் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். அங்கே போனது ஒரு சிரிப்பு. இங்கே போகக்கூடியது வேறு.

"வெட்டவே வேண்டாம், அகலப் படத்தை அப்படியே போடுங்கள், போனைத் திருப்பிப் பார்க்கட்டும்" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தோம். போன் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். நெடுக்காகப் பிடித்த போனில் அகலப் படம் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சுருங்கி, மேலும் கீழும் கறுப்பாக நிற்கும். நாங்கள் 6 புள்ளி தடிப்பில் வரைந்த வெடிப்பு, அங்கே மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. தலைமுடி மாதிரி. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, ஒரு கையில் போனும் மறு கையில் பிள்ளையுமாக இருக்கிற தாய் அதைத் திருப்பிப் பெரிதாக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே நெடுக்குப் படம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. முடிந்த காணொளியை வெட்டி அதை எடுக்க முடியாது என்பதே எங்கள் கருத்து. வரைந்த கோப்புக்குத் திரும்பிப் போக வேண்டும்.

நல்ல காலம், மலை, மரம், லயம், மனிதர் எல்லாவற்றையும் தனித்தனி அடுக்குகளாக வரைந்து, பிளென்டரில்தான் அசைத்திருந்தோம். அங்கே படத்தின் அளவை 1080க்கு 1920 என்று மாற்றியதும் ஒன்று கவனித்தோம். கமெரா இருந்த இடத்திலேயே இருக்க, பழைய அகலத்தில் 56 வீதம் கிடைத்தது. வெட்டியபோது கிடைத்தது 32 வீதம்தான். உயரமும் பழையதைவிட ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்த மேலதிக உயரத்தில் நாங்கள் எதையும் வரைந்திருக்கவில்லை! மலை பாதியில் நின்றது, கீழே நிலம் முடிந்து வெள்ளையாக இருந்தது. அதை நிரப்ப இரண்டு பின்னேரங்கள் வேலை. எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டி வைத்திருந்தால் முழுவதும் புதிதாக வரைய வேண்டியிருக்கும். அடுக்குகளை அழிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

வரையும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம்முடைய மலையே நெடுக்கானது. ஆபத்து மேலே, வீடு கீழே. இதை எதற்காக இடமும் வலமுமாகப் பரப்பி வைத்தோம்? புரொஜெக்டர் திரை அகலம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. புதுப் படத்தில் மேலே சரிவும் வெடிப்பும், நடுவில் தேயிலை, கீழே லயம். வெடிப்பு அகலும்போதே லயத்தின் கூரையும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அகலப் படத்தில் அம்புக்குறி போட்டு விளக்கியதை இங்கே சொல்லத் தேவையே இருக்கவில்லை.

ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, கதவு இறுகித் திறக்க மறுப்பது, மரம் சாய்வது ஆகிய அடையாளங்களுக்கும் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றையும் கிட்டக் காட்டினால் நெடுக்குத் திரை நிறைகிறது.

சிக்கல் கடைசிக் காட்சியில்தான். குறுக்கே விலகுவதைக் காட்ட நெடுக்குத் திரையில் இடம் இல்லை. மனிதரைத் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வரைந்தால், நாலு எட்டில் திரையை விட்டு வெளியேறிவிடுகிறார். கமெராவைப் பின்னால் அனுப்பினால் பழைய பிழையே திரும்ப வருகிறது. மூன்று முறை மாற்றினோம். கடைசியில் மேலிருந்து பார்க்கிற மாதிரி, ஒரு வரைபடம்போல வைத்தோம். சரிவின் பாதை மேலிருந்து கீழே வருகிற மண்ணிறப் பட்டை. மக்கள் சின்னப் புள்ளிகளாக அந்தப் பட்டையின் நடுவிலிருந்து பக்கவாட்டில் பச்சை நிலத்துக்குப் போகிறார்கள். கமெரா அசையவே இல்லை. திசையைக் காட்ட வேண்டிய காட்சியில் கமெரா நிற்க வேண்டும், மனிதர்தான் அசைய வேண்டும்.

எழுத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. முதல் படத்தில் வசனம் அடியில் இருந்தது. போனில் அந்த இடத்தில் பதிவிட்டவர் பெயரும் விளக்கமும் வந்து உட்காரும், வலது ஓரத்தில் லைக், கமெண்ட் பொத்தான்கள். ஏற்றிய காணொளியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அளந்து பார்த்தபின், அடியில் மூன்றில் ஒரு பங்கிலும் வலது ஓரத்திலும் முக்கியமான எதையும் வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அந்த இடங்களில் தேயிலைச் செடியும் வானமும் இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வாசிக்கிற அளவில் எழுதினால் ஒரு வரியில் இரண்டு சொல்தான் நிற்கிறது. "பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறவும்" என்பதை "குறுக்கே போங்கள்" ஆக்கினோம். அதுவே நல்ல தமிழாகவும் இருக்கிறது.

இன்னொன்று. "இன்று சிவப்பு எச்சரிக்கை" என்ற மாதிரி எதையும் இத்தகைய காணொளியில் போடாதீர்கள். இந்தக் குறுங்காணொளிகள் திகதி வரிசையில் வருவதில்லை. நேற்றுப் போட்டது பத்து நாள் கழித்து ஒருவரின் போனில் வரும். எச்சரிக்கை நீங்கிய பிறகு பயம் காட்டும். அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது "இதுவும் பழசுதான்" என்று தள்ளிவிடுவார்கள். அன்றன்றைய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லட்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 சொல்லட்டும். நம் படம் எப்போது பார்த்தாலும் உண்மையாக இருக்கிறதை மட்டும் சொல்லட்டும்.

புதுப் படத்தை ஏற்றுவதற்கு முன், படத்தையே பார்த்திராத பிள்ளைகளிடம் சத்தத்தை நிறுத்திப் போனில் காட்டினோம். "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை. மூன்று கேள்விதான்: என்ன உடைந்தது? யாருக்கு ஆபத்து? அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்? மூன்றாவது கேள்விக்கு முதல் சுற்றில் சிலர் "கீழே" என்றார்கள். பட்டையின் நிறத்தை அழுத்தமாக்கி, புள்ளிகளின் வேகத்தைக் குறைத்த பிறகு எல்லோரும் கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஏற்றினோம்.

அகலப் படம் இப்போதும் வகுப்பில் ஓடுகிறது. சுவரில் அதுதான் நன்றாக இருக்கிறது, பக்கத்து லயங்களும் பாதையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் அகலம்தான் வேண்டும். ஒரே கதைக்கு இரண்டு படம். வேலை இரட்டிப்புத்தான். ஆனால் பொத்தான் ஒன்றை அமத்தி வெட்டியதை அப்படியே ஏற்றுகிறவர்கள், ஏற்றுவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சத்தமில்லாமல் ஒருமுறை காட்டி, அந்த மூன்றாவது கேள்வியையாவது கேளுங்கள்.

எங்கள் அந்தப் பழைய காணொளியை யாராவது டவுன்லோட் செய்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். வட்ஸ்அப் குழுக்களில் கண்டால் கீழே "இது பிழை" என்று போடுங்கள்.