கல்லாவில் இருப்பதெல்லாம் நம் பணமன்று



செங்கல்பட்டிலும், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரையிலான கடற்கரை ஊர்களிலும் நம் சகோதரர்கள் பலர் ரீசார்ஜ் மற்றும் பணம் அனுப்பும் கடை நடத்துகின்றனர். கட்டட வேலைக்கும் விடுதி வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப இக்கடைகளையே நாடுகின்றனர். “ஹஜ்ரத், கமிஷன் வாங்குவது வட்டியாகுமா?” என்று இவர்கள் கேட்பதுண்டு. செய்த வேலைக்குப் பெறும் கூலி வட்டியன்று. ஆனால் இத்தொழிலில் அஞ்ச வேண்டிய இடம் வேறு, அது கல்லாப்பெட்டி.

ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். கடைக்காரரின் முதல் 50,000 ரூபாய். காலையில் 15,000 கல்லாவிலும் 35,000 செயலியின் வாலட்டிலும் உள்ளன. கமிஷன் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாம் சொல்வது ஓர் எடுத்துக்காட்டே.

அன்று 6,000 ரூபாய்க்கு ரீசார்ஜ் நடக்கிறது. நூற்றுக்கு இரண்டரை வீதம் கமிஷன் 150 ரூபாய். அடுத்து, 5,000 வீதம் நான்கு முறை பணம் அனுப்பப்படுகிறது. அனுப்புவோர் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒன்றாக 50 ரூபாய் கட்டணம் தருகின்றனர். அதில் 30 கடைக்காரருக்கு, மீதி நிறுவனத்துக்கு. ஆக 120 ரூபாய். பின்னர் மூவர் கைரேகை வைத்து, ஆதார் வழியாகத் தம் வங்கிக் கணக்கிலிருந்து தலா 3,000 எடுக்கின்றனர். இதற்குக் கமிஷன் எட்டெட்டாக 24 ரூபாய்.

இரவில் எண்ணினால் கல்லாவில் 32,200 ரூபாய் இருக்கும். காலையில் இருந்ததைவிட இரு மடங்குக்கும் மேல்! ஆனால் வாலட்டில் 18,094 தான் மீதி. இரண்டையும் கூட்டினால் 50,294. அன்றைய வருமானம் 294 ரூபாய் மட்டுமே. வாடகையும் மின் கட்டணமும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

கல்லாவை மட்டும் பார்ப்பவர் நல்ல வியாபாரம் என்று மகிழ்ந்து வீட்டுச் செலவுக்கு ஆயிரம் எடுத்துவிடுவார். எடுத்தது இலாபமன்று, முதல். சில மாதங்களில் முதல் கரைந்துவிடும். பிறகு வாலட்டை நிரப்பக் கடன் வாங்குவார். அக்கடனோடுதான் உண்மையான வட்டி கடைக்குள் நுழைகிறது.

ஆகவே இரவுதோறும் கல்லாவையும் வாலட்டையும் கூட்டி எழுதுவது கட்டாயம். கூட்டுத்தொகை குறைந்தால் குறைந்த தொகையே காரணத்தைக் காட்டும். 299 குறைந்தால், யாருக்கோ கடனாகப் போட்ட ரீசார்ஜ் எழுதப்படாமல் இருக்கலாம். சரியாக 500 குறைந்தால் நோட்டு எண்ணுவதில் பிழை நேர்ந்திருக்கலாம். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் ஏவுவது சிறு கடைக்கும் பொருந்தும்.

கூட்டுத்தொகை கூடினாலும் மகிழ வேண்டாம். அனுப்பிய 5,000 உரியவர் கணக்கில் சேராமல் வாலட்டுக்கே திரும்பியிருக்கலாம். பல செயலிகளில் அனுப்பியவரின் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைப் பெற்ற பிறகே பணம் திரும்பும். சிலவற்றில் தானாகவே திரும்பிவிடும். அது கடைக்காரரின் பணமன்று, அமானிதம். அத்தொழிலாளி வேறு ஊருக்கு வேலை தேடிப் போயிருப்பார், மொழியும் அறியாதவர். அவரது எண்ணை அழைத்துச் சொல்வது நம் கடமை. இதற்கென ஒரு தனி ஏடு வைத்து, தேதி, தொகை, கைபேசி எண் மூன்றையும் எழுதுவது நலம். அவர் கேட்கவில்லை என்பதால் அப்பணம் நமக்கு ஹலாலாகிவிடாது.

இன்னொரு தவறும் பரவலாக இருக்கிறது. ஆதார் வழியாகப் பணம் எடுப்போரிடம் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொள்கின்றனர். இச்சேவைக்கு வங்கியே கமிஷன் தருகிறது. முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒப்பந்தமும் அதையே சொல்கிறது. “எல்லாக் கடையிலும் வாங்குகிறார்களே” என்பது விடையாகாது. ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறி, முதியோர் உதவித்தொகை எடுக்க வரும் மூதாட்டியிடம் வாங்கும் இருபது ரூபாய் கூலியன்று. பணம் அனுப்புவோர் தரும் கட்டணம் வேறு. அது அறிவிக்கப்பட்டது, ரசீதில் அச்சாவது. ரசீதில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதிருப்பதே அளவுகோல்.

ஜகாத் கணக்கிடும் நாளிலும் இந்த ஏடே துணை நிற்கும். கல்லாப் பணத்தை மட்டும் எண்ணி வாலட்டை மறந்துவிடுவோர் உண்டு. வாலட்டில் இருப்பதும் நம் வியாபாரப் பணமே. இரண்டையும் கூட்டி, வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய அமானிதத்தைக் கழித்து, மீதி நிஸாபை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவுதோறும் பத்து நிமிடம் எழுதியவருக்கு இது எளிது. எழுதாதவருக்கு எது தம் பணம், எது பிறர் பணம் என்பதே தெரியாது.

294 ரூபாய் சிறு தொகைதான். ஆனால் அது முழுதும் தம்முடையது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.