உளுந்தூர்பேட்டை டீக்கடையில் ஒரு 'அண்ணாச்சி': எதிரில் இருப்பவரைப் பார்த்து நம் பேச்சு ஏன் மாறுகிறது?

சென்னையிலிருந்து வரும் சாலை உளுந்தூர்பேட்டையில்தான் பிரிகிறது. நேராகப் போனால் திருச்சி, மேற்கே திரும்பினால் சேலம். அதனால் இங்குள்ள டீக்கடைகளில் ஒரே நேரத்தில் நாலு ஊர் தமிழ் கேட்கும். ஒரு கடைக்காரரைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். சேலம் பஸ்ஸில் இறங்கியவரிடம் "போட்டுத் தரனுங்க" என்றார். கிளாஸ் கழுவும் பையனிடம் "இன்னாடா, அங்கியே நின்னுகினு இருக்க" என்றார். தெற்கே போகும் பஸ்ஸிலிருந்து வந்தவரிடம் "அண்ணாச்சி, சக்கரை போடலாமா?" என்று கேட்டார். அவரோ சிரித்துக்கொண்டே "நான் மதுரக்காரண்ணே" என்றார்.

இதற்கு மொழியியலில் ஒரு பெயர் உண்டு. ஹோவர்ட் கைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1970-களில் முன்வைத்த 'பேச்சு இசைவுக் கோட்பாடு'தான் பிற்பாடு தொடர்பு இசைவுக் கோட்பாடு ஆனது. எதிரில் இருப்பவரின் உச்சரிப்பு, சொல், வேகம் ஆகியவற்றை நோக்கி நகர்வது நெருங்குதல். வேண்டுமென்றே வேறுபடுத்திப் பேசுவது விலகுதல். டீக்கடைக்காரர் செய்தது நெருங்குதல். அவர் சறுக்கிய இடமும் கோட்பாட்டில் இருக்கிறது: நாம் நெருங்குவது பெரும்பாலும் எதிராளியின் உண்மையான பேச்சை அல்ல, 'இவர் இப்படித்தான் பேசுவார்' என்று நாம் நினைப்பதை.

நெருங்குதலை அளக்க முடியுமா? முடியும். நிக்கோலஸ் கூப்லாண்ட், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை செய்த பெண், 51 வாடிக்கையாளர்களிடம் பேசியதைப் பதிவு செய்தார். 1984-ல் ஆய்வு வெளியானது. ஆங்கிலச் சொல்லின் தொடக்க 'ஹ' ஒலியை அவர் எத்தனை முறை விழுங்குகிறார் என்பது போன்றவற்றை எண்ணிப் பார்த்தார்கள். வந்தவர் 'ஹ'வை அதிகம் விழுங்கினால் அந்தப் பெண்ணும் அதிகம் விழுங்கினார். வந்தவர் திருத்தமாகப் பேசினால் இவரும் திருத்தமானார். வாடிக்கையாளரின் சமூகப் பின்னணியை ஊகிக்க, அவரின் பேச்சே தேவையில்லை, இந்தப் பெண்ணின் பேச்சே கிட்டத்தட்ட போதும் என்ற அளவுக்கு.

விலகுதலுக்கான சோதனையும் வேல்ஸில்தான் நடந்தது. 1977-ல் ரிச்சர்ட் பூரிஸும் கைல்ஸும், வெல்ஷ் மொழி கற்கும் பெரியவர்களிடம், மேட்டுக்குடி ஆங்கில உச்சரிப்பு கொண்ட ஒருவரை ஹெட்போன் வழியே கேள்வி கேட்க வைத்தார்கள். நடுவில் அவர், சாகப்போகிற மொழியை எதற்குக் கற்கிறீர்கள் என்ற பொருளில் சீண்டினார். அந்த மொழியைத் தங்கள் அடையாளமாக நினைத்தவர்களின் ஆங்கிலத்தில் வெல்ஷ் வாடை சட்டென்று கூடியது. சிலர் பதிலுக்கு நடுவே வெல்ஷ் சொற்களைப் போட்டார்கள். ஒரு பெண் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, மைக்கில் மெதுவாக ஒரு வெல்ஷ் வினைச்சொல்லின் வடிவங்களை ஒப்பித்தார். அது நாகரிகமான சொல் அல்ல! வேலைக்காக மட்டும் கற்றவர்களிடம் இந்த விலகல் இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் விரும்பிச் செய்பவை. ஆனால் யார் யாரை நோக்கி நகர வேண்டியிருக்கிறது என்பதில் அதிகாரமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதன் கூர்மையான உதாரணம் இலங்கைத் தமிழர்கள். 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள், "கதைக்கிறது" என்பதைப் "பேசுறது" என்றும், "ஓம்" என்பதை "ஆமா" என்றும், "விளங்குதா" என்பதைப் "புரியுதா" என்றும் மாற்றிக்கொண்டார்கள். சொல்லை மாற்றுவது எளிது, ராகத்தை மாற்றுவதுதான் கஷ்டம். 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு, வாயைத் திறந்தால் சந்தேகப் பார்வை விழும் என்ற நிலையில், பஸ்ஸில் பேசாமலே வந்தவர்களும் உண்டு. நம்மில் யாரும் அவர்களிடம் "கதைக்கிறியளோ?" என்று நெருங்கிப் போகவில்லை. போயிருந்தாலும் அது சினிமாவில் கேட்ட கேலியாகத்தான் ஒலித்திருக்கும்.

இந்த அளவுகோலை நம் மாவட்டத்து அரசு கவுண்டர்களில் வைத்துப் பார்க்கலாம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, சாதிச் சான்றிதழுக்கு வரும் ஒரு மலையாளி இன முதியவர், தன் பேச்சைச் சமவெளிக்கு ஏற்பத் திருத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார். அவர் சொன்னது புரியவில்லை என்றால் "சரியா பேசுய்யா" என்று அதட்டுவது விலகுதல். அவரைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டுவதும் விலகுதல்தான், நெருங்குதல் மாதிரி வேஷம் போட்டிருக்கும், அவ்வளவே. இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது: தன் தமிழிலேயே, வேகத்தைக் குறைத்து, படிவத்தில் உள்ள "பூர்வீகம்" போன்ற சொற்களை விட்டுவிட்டு, "உங்க அப்பா எந்த ஊருங்கய்யா?" என்று கேட்பது. மதுரைக்காரர் டீக்கடையில் சிரித்துவிட்டார். வரிசையில் நிற்கும் அந்தப் பெரியவரால் சிரிக்க முடியாது. சான்றிதழ் அந்தப் பக்கம் இருக்கிறது.