பத்திரத்தின் விலைக்கு ஒரு கூரை

பாரத ஸ்டேட் வங்கி 2011-ஆம் வருஷம் பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் விற்றது பலருக்கு நினைவிருக்கும். முகமதிப்பு 10,000 ரூபாய், பதினைந்து வருஷம், வட்டி 9.95 சதவீதம். ஆனால் 2026 வரை அது ஓடவில்லை. 2021 மார்ச்சிலேயே வங்கி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. "பதினைந்து வருஷம் என்று சொல்லிவிட்டுப் பத்திலேயே முடிப்பது நியாயமா?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. நியாயம்தான் என்பது என் கட்சி. பத்து வருஷம் கழித்து, ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு, திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமை (கால் ஆப்ஷன் என்பார்கள்) வங்கிக்கு உண்டு என்று பத்திர விவரத்திலேயே இருந்தது. 2021-ல் ரெப்போ வட்டி 4 சதவீதம். வெளியே மலிவாகக் கடன் கிடைக்கும்போது, பத்து சதவீதக் கடனை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? வீட்டுக் கடனை வட்டி குறைந்த வங்கிக்கு மாற்றும்போது நாமும் இதைத்தானே செய்கிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த உரிமை, கெடு வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே பத்திரத்தின் சந்தை விலையைப் பிடித்து வைக்கிறது.

வட்டி குறைந்தால் பழைய பத்திரத்தின் விலை ஏறும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கணக்குக்குச் சுலபமாக வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். முடிய ஏழு வருஷம் இருக்கிறது, வங்கி அழைக்கக்கூடிய நாளுக்கு இரண்டு வருஷம். சந்தை வட்டி 8 சதவீதமாக இறங்குகிறது. அழைக்கும் உரிமை இல்லாத பத்திரமென்றால், வருஷத்துக்கு 200 ரூபாய் கூடுதல் வருமானம் ஏழு வருஷத்துக்கு வரும். இன்றைய மதிப்பில் அது 1,041 ரூபாய், ஆகவே விலை 11,041. ஆனால் அழைக்கக்கூடிய பத்திரத்தில் அந்த 200 ரூபாய் இரண்டே வருஷத்துக்குத்தான் நிச்சயம். அதனால் விலை 10,357-க்கு அருகில் நின்றுவிடும். வட்டி 6 சதவீதத்துக்கே போனாலும் முதலாவது 12,233-க்கு ஓடும், இரண்டாவது 10,733-ஐ ஒட்டியே நிற்கும். அழைக்கும் நாள் நெருங்க நெருங்க அதுவும் கரைந்து 10,000-க்கே வரும்.

இப்போது மறுபக்கம். சந்தை வட்டி 12 சதவீதமாக ஏறினால் வங்கி அழைக்குமா? அழைக்காது. மலிவான கடனை ஏன் விடவேண்டும்? அப்போது நம் பத்திரம் ஏழு வருஷப் பத்திரமாகவே ஆகிவிடும், விலை ஏறக்குறைய 9,087-க்கு விழும். இரண்டு சதவீதம் இறங்கினால் லாபம் 357, இரண்டு சதவீதம் ஏறினால் நஷ்டம் 913. சாதாரணப் பத்திரத்தில் லாபம் 1,041, நஷ்டம் 913. அங்கே லாபம்தான் பெரிது.

எங்கள் காலத்தில் புதுச்சேரியில் ஜியோமெத்ரி வகுப்பில் 'கோன்வெக்ஸ்', 'கோன்காவ்' என்று பிரெஞ்சில் மனப்பாடம் செய்தோம். வட்டியைக் கிடைக்கோட்டிலும் விலையைச் செங்குத்திலும் வரைந்தால் சாதாரணப் பத்திரத்தின் கோடு கீழ்ப்பக்கம் வயிறு தள்ளிய கிண்ணம் போல இருக்கும். அழைக்கக்கூடியதன் கோடு, வட்டி குறைந்த இடது பக்கத்தில் மேலே ஏறாமல் கூரையில் முட்டியதுபோல் மடங்கிப் படுத்துவிடும். அந்த மடக்கலைத்தான் நெகடிவ் கான்வெக்சிட்டி என்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது.

கூரை இருப்பது தெரியாமல் சந்தையில் வாங்குபவர்தான் அடிபடுகிறார். அதே பத்திரத்தை, அழைக்க இரண்டு வருஷம் இருக்கும்போது, 11,000 கொடுத்து ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். 1,000 ரூபாய் வட்டியை 11,000-ஆல் வகுத்து "ஒன்பது சதவீதம் வருகிறதே" என்று புரோக்கர் சொல்வார். சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டு வட்டியும் முதலும் சேர்ந்து கைக்கு வருவது 12,000. போட்டது 11,000. இரண்டு வருஷத்துக்கு 1,000 ரூபாய்தான் மிச்சம், வருஷத்துக்கு ஏறக்குறைய 4.65 சதவீதம். சேமிப்புக் கணக்கைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஆகவே இப்படிப்பட்ட பத்திரத்துக்கு இரண்டு கணக்குப் போடவேண்டும். கடைசி வரை வைத்திருந்தால் என்ன வரும், அழைக்கும் நாளில் முடிந்தால் என்ன வரும். எது குறைவோ அதுதான் நமக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முகமதிப்புக்கு மேல் விலை போய்க்கொண்டிருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் குறைவாக இருக்கும்.

அழைக்கும் உரிமையுள்ள பத்திரத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் ஓர் உரிமையை விற்கிறோம், அதற்கு விலையாகத்தான் சற்றுக் கூடுதல் வட்டி வருகிறது. கால் சதவீதம் கூடக் கொடுத்தால் எனக்குப் போதாது, ஒரு சதவீதமென்றால் யோசிப்பேன். எழுபதைத் தாண்டியவனுக்கு வேண்டியது, வட்டி விழுந்த பிறகும் பழைய வட்டியே வந்துகொண்டிருப்பது. அந்த ஒன்றைத்தான் இந்தப் பத்திரம் தருவதில்லை. அதனால் அழைக்கும் பிரிவு இல்லாத அரசுப் பத்திரத்தில் அரை சதவீதம் குறைந்தாலும் நான் அந்தப் பக்கம்தான்.